பிடித்துக்கொண்டது, ஆனால் அடைக்கவில்லை

ஃபில்டர் மாற்றிவிட்டு சர்வீஸ்காரர் போன மறுநாள், சிங்க்குக்கு அடியில் இருக்கும் அலமாரிப் பலகை ஈரமாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளை டியூப் ஒன்று பிளாஸ்டிக் எல்போவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். எல்லோரும் முதலில் டியூபைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். அது அசையாது. ‘இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எல்போதான் சரியில்லை’ என்று முடிவு கட்டி, வாய்ப்பகுதியைச் சுற்றி டெஃப்லான் டேப்பைச் சுற்றுவார்கள், அல்லது எம்-சீல் அப்புவார்கள். சொட்டு நிற்காது. டியூப் இழுத்தால் வரவில்லை என்பது ஒரு விஷயம், தண்ணீர் கசியவில்லை என்பது வேறு விஷயம். இரண்டையும் அந்த எல்போவுக்குள் வெவ்வேறு பாகங்கள் பார்த்துக்கொள்கின்றன.

டியூப் நுழையும் வாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் உள்முனையில் நுண்ணிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்கள் உண்டு. டியூப் உள்ளே போகும்போது அவை வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் கடித்துக்கொள்ளும். பற்களைத் தாண்டி உள்ளே ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அது மட்டும்தான். அதையும் தாண்டிப் போனால் டியூப் முட்டி நிற்கும் ஒரு படி வரும். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பல், பிறகு ரப்பர், கடைசியில் படி. ஆக, டியூப் பாதி தூரம் போனதுமே பற்கள் பிடித்துவிடும். அப்போதும் ரப்பருக்குள் அது சரியாக நுழைந்திருக்காது. இந்த வகை இணைப்புகளுக்குப் பேர்போன ஜான் கெஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனமே தன் பொருத்தல் குறிப்பில் இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது: முதலில் பிடிக்கும், அடைப்பது அதற்குப் பிறகுதான், ஆகவே படியில் முட்டும்வரை தள்ளுங்கள் என்று.

கையும் இங்கே நம்மை ஏமாற்றும். ஓ-ரிங்கின் துளை டியூபைவிடச் சற்றுச் சிறியது. டியூபின் முனை அங்கே போய்த் தட்டும்போது ஒரு தடை தெரியும். முழுதும் போய்விட்டது என்று நினைத்துப் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால்தான் அது ரப்பரைக் கடந்து படியில் போய் உட்காரும்.

ஒரு வீட்டுக் கசிவை எடுத்துக்கொள்வோம். மெம்பிரேன் குடுவைக்குத் தண்ணீர் போகும் எல்போவில் சொட்டு. மோட்டார் ஓடும்போது மட்டும்தான் சொட்டுகிறது, நின்றுவிட்டால் இல்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு, பத்து மீட்டர் உயரம் இருந்தாலும், 14 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் இருக்கும். ஆனால் ஆர்.ஓ. இயந்திரத்தின் பூஸ்டர் பம்ப் மெம்பிரேனுக்கு அனுப்பும் தண்ணீர் 60, 80 பி.எஸ்.ஐ. வரை போகும். அரைகுறையாக அடைத்த ரப்பர், தொட்டியின் அழுத்தத்தைத் தாங்கிவிடும், பம்பின் அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் இந்தக் கோளாறு பெரும்பாலும் மெம்பிரேன் எல்போவில் தலைகாட்டுகிறது.

இயந்திரத்தை அணைத்து, தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து அழுத்தத்தை வடியவிட்ட பிறகு டியூபைக் கழற்ற வேண்டும். நீல நிற லாக் கிளிப் இருந்தால் அதை முதலில் எடுங்கள். கழற்றுவதற்கு இழுக்கக் கூடாது. டியூபை முதலில் லேசாக உள்ளே தள்ளி, வாய் வளையத்தை இரண்டு பக்கமும் சமமாக எல்போவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். வந்த டியூபின் முனை ஒரு சாட்சி. இந்த வீட்டில், பல் பதிந்த தடம் முனையிலிருந்து மூன்று மில்லிமீட்டரில் இருந்தது. அந்த எல்போவில் பற்கள் வாயிலிருந்து எட்டு மில்லிமீட்டர் உள்ளே இருக்கின்றன, முழு ஆழம் பதினாறு. அப்படியென்றால் டியூப் பதினொன்றுதான் போயிருக்கிறது. மேலும் ஐந்து மில்லிமீட்டர் போயிருக்க வேண்டும். முனையும் நேராக இல்லை, கத்தரிக்கோலால் வெட்டியதில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

சாய்வு ஏன் கெடுக்கிறது? நீண்ட பக்கம் முதலில் படியில் முட்டிவிடும், குட்டைப் பக்கம் பின்தங்கி நிற்கும். சாய்வு அதிகமானால் அந்தப் பக்கம் ரப்பரை எட்டியும் எட்டாமலும் இருக்கும். கத்தரிக்கோலும் கட்டிங் பிளையரும் இன்னொரு கெடுதலும் செய்கின்றன. அவை டியூபை நசுக்கித்தான் வெட்டும். வட்டமாக இருக்க வேண்டிய வாய் முட்டை வடிவமாகிவிடும், விளிம்பில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு உள்ளே போகிற வழியில் ஓ-ரிங்கைக் கீறினால், பிறகு எவ்வளவு நல்ல டியூபைச் செருகினாலும் கசியும். ஆர்.ஓ. உதிரிபாகக் கடைகளில் டியூப் கட்டர் கிடைக்கும். இல்லையென்றால் புது பிளேடு போட்ட பேப்பர் கட்டர் போதும்: டியூபைப் பலகையில் வைத்து, செங்குத்தாக, ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். அறுக்கக் கூடாது.

பழைய பல் தடம் இருக்கும் பகுதியை முழுதும் வெட்டி எறிந்துவிடுங்கள். கீறல் விழுந்த மேற்பரப்பில் ரப்பர் உட்கார்ந்தால், அந்தக் கீறலே தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும்.

வெட்டியாயிற்று. இனி ஆழம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும் என்பதால், மனப்பாடமாக ஓர் எண்ணை நம்புவதைவிட நீங்களே அளப்பது மேல். நேராக வெட்டிய ஒரு துண்டு டியூபை எல்போவுக்குள் முழு பலத்தோடு தள்ளுங்கள். வாய் வளையத்தை ஒட்டி மார்க்கரால் கோடு போட்டு, கழற்றி, முனையிலிருந்து கோடுவரை அளந்துகொள்ளுங்கள். கால் இஞ்ச் டியூபுக்கு இது பெரும்பாலும் பதினைந்து, பதினேழு மில்லிமீட்டர் அளவில் வரும். அதே தூரத்தை உண்மையான டியூபிலும் குறித்துக்கொண்டு, முனையைத் தண்ணீரில் நனைத்துச் செருகுங்கள். தடை தெரிந்த பிறகும் தள்ளுங்கள். கோடு வளையத்தைத் தொட்டால் வேலை முடிந்தது. கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே வெள்ளை தெரிந்தால் இன்னும் போகவில்லை. உட்கார்ந்த பிறகு லேசாக இழுத்து, பிடிப்பைச் சரிபார்த்து, கிளிப்பை மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்து கசிந்தால் டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். கால் இஞ்ச் என்பது 6.35 மில்லிமீட்டர். காற்றுக் கருவிகளுக்கான ஆறு மில்லிமீட்டர் டியூபும் கடைகளில் கிடைக்கிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பற்கள் அதையும் கடித்துக்கொள்ளும், ரப்பர்தான் தளர்ந்து நிற்கும்.

டியூப் எல்போவை விட்டு வெளியே வந்த உடனே பக்கவாட்டில் மடங்கினாலும் இதே கதைதான். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளி வைக்கும்போது டியூப் ஒரு பக்கமாக இழுபடும், ஓ-ரிங்கின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விலகும். வாயிலிருந்து கொஞ்ச தூரமாவது டியூப் நேராக வர வேண்டும், வளைவு அதற்கு அப்புறம் இருக்கட்டும். டியூப் குட்டையாகிப்போனால் இழுத்துப் பொருத்தாதீர்கள், புதிதாக நீளமான ஒன்றை வெட்டிப் போடுங்கள்.

சொட்டு தொங்கும் இடமே கசியும் இடம் என்று நம்பக் கூடாது. மேலிருந்து டியூப் வழியே வழிந்த தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். எல்லா இணைப்புகளையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். எல்போவின் மரை குடுவைக்குள் ஏறும் பக்கத்தில் நனைந்தால், டெஃப்லான் டேப்புக்கு வேலை அங்கேதான், அதுவும் மரை விரியாத அளவுக்கு மட்டும். டியூப் நுழையும் பக்கத்தில் இன்னமும் நனைந்தால் ஓ-ரிங் கீறுபட்டிருக்கிறது. எல்போவை மாற்றிவிடுங்கள், சில ரூபாய்தான் ஆகும்.