அன்புள்ள ஜுவானிதா

வெளிநாட்டில் இருக்கும் பேனா நண்பருக்குக் கடிதம் எழுதச் சொல்லி நம் பள்ளித் தேர்வுகளில் ஒரு கேள்வி வருவதுண்டு. பிள்ளைகளும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, பொங்கலையும் மாமல்லபுரத்தையும் நாலு வரியில் சொல்லி, ‘இப்படிக்கு உன் அன்பு நண்பன்’ என்று முடித்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்தக் கடிதம் யார் கைக்கும் போவதில்லை. எழுதிய பிள்ளைக்கும் பதில் வரும் என்ற நினைப்பே இருக்காது. உண்மையாகவே கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த ஒரு கடிதம் எப்படி இருந்தது என்று பார்த்தால், இந்தப் பயிற்சியில் எது விட்டுப்போகிறது என்பது புரியும். எழுதியவளுக்கு அப்போது பத்து வயது. பெயர் ஆன் ஃபிராங்க்.

பின்னாளில் அவள் நாட்குறிப்பை உலகமே படித்தது. இங்கே அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். 1940 ஏப்ரலில் அவள் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, அவ்வளவுதான்.

கதை அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே பேர்டி மாத்யூஸ் என்று ஓர் ஆசிரியை. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் கொண்ட பட்டியல் ஒன்றை வகுப்பில் கொடுத்து, பிடித்த ஒருவருக்கு எழுதுங்கள் என்றார். பண்ணை வீட்டுப் பெண்ணான பத்து வயது ஜுவானிதா வாக்னர் அதில் ஆனின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். தன் ஊர், பண்ணை, அம்மா, அக்கா பெட்டி எல்லோரையும் பற்றி எழுதி அனுப்பினாள். பதிலாக ஒன்றுக்கு இரண்டாகக் கடிதங்கள் வந்தன. ஆன் ஜுவானிதாவுக்கு எழுதியது ஒன்று. ஆனின் அக்கா மார்கோட், தன் வயதுக்காரியான பெட்டிக்கு எழுதியது இன்னொன்று.

ஆனின் கடிதம் 1940 ஏப்ரல் 29, திங்கட்கிழமை தேதியிட்டது. ‘அன்புள்ள ஜுவானிதா’ என்ற விளிப்புக்குப் பிறகு முதல் வரியிலேயே, உன் கடிதம் கிடைத்தது, சீக்கிரமாகப் பதில் எழுத ஆசைப்படுகிறேன் என்கிறாள். வானிலை விசாரிப்போ, கடவுள் அருளால் இங்கே அனைவரும் நலம் என்ற பல்லவியோ கிடையாது. முன்பின் பார்த்திராத ஒருத்திக்கு எழுதும்போது தயக்கத்தை உடைக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது, அது போய்ச் சேர்ந்ததா, படித்தவளுக்குப் பிடித்ததா என்ற இரண்டும்தான். அந்த ஒரு வரியில் இரண்டுக்கும் விடை இருக்கிறது. உற்சாகமான தொடக்கம் என்றால் ஆச்சரியக்குறிகளை அடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் உற்சாகம் வருவது எழுதியவளின் அவசரத்திலிருந்து.

பிறகு வீட்டைப் பற்றிச் சொல்கிறாள். பிள்ளைகள் நானும் மார்கோட்டும் மட்டுமே, பாட்டி எங்களோடு இருக்கிறார், அப்பாவுக்கு அலுவலகம், அம்மாவுக்கு வீட்டு வேலை. பள்ளிக்கூடம் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்களுக்குப் பாடவேளை என்று எதுவும் இல்லை, விருப்பப்பட்டதைச் செய்யலாம், ஆனால் குறித்த இடத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, இதற்கு மாண்டிசோரி முறை என்று பெயர், உன் அம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும் என்கிறாள். ஜுவானிதாவின் அம்மா ஓர் ஆசிரியை. வந்த கடிதத்தில் இருந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு தன் செய்தியை அதனோடு முடிச்சுப் போடுகிறாள் இந்தப் பெண். தேர்வுக் கடிதத்தில் இதற்கு வாய்ப்பே கிடையாது. அங்கே எதிரே இருப்பவருக்கு அம்மாவும் கிடையாது, ஊரும் கிடையாது.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த வரி. மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தேன், பர்லிங்டன் என்ற பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிறாள். டான்வில் சில நூறு பேர் வாழ்ந்த ஊர். பள்ளி வரைபடத்தில் அது எங்கே இருக்கப்போகிறது? மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் அதற்குப் பக்கத்து நகரம். ‘மறுபடியும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒருமுறையாவது தேடிப் பார்த்திருக்கிறாள். உன் ஊர் எனக்கு முக்கியம் என்று எழுதியிருந்தால் உபசார வார்த்தையாகப் போயிருக்கும். தேடியதைச் சொன்னதால் ஜுவானிதா அதை நம்பியிருப்பாள்.

கேள்விகளும் ஒப்புக்குக் கேட்டவை அல்ல. என் பிறந்தநாள் ஜூன் 12, உன்னுடையது எப்போது? நீயும் பெட்டியும் படம் எடுத்தால் ஒரு பிரதி அனுப்பு, எப்படி இருப்பீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், இப்படிப்பட்ட அட்டைகள் என்னிடம் ஏறக்குறைய 800 சேர்ந்துவிட்டன, இனியும் அனுப்புவேன். இதை வாசிக்கும் பிள்ளைக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்கும் சிரமமே இல்லை. தேதி கேட்டிருக்கிறாள், படம் கேட்டிருக்கிறாள். அட்டை சேர்க்கிறாள் என்று தெரிந்தபின் அயோவா அட்டை ஒன்றைத் தேடி வாங்குவது ஜுவானிதாவின் பொறுப்பாகிவிடுகிறது.

ஒரு கேள்வி மட்டும் கொஞ்சம் குறும்பானது. எனக்கு வந்த கடிதத்தை நீயே எழுதினாயா, உன் அம்மா எழுதிக் கொடுத்தாரா என்று கேட்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால் ஆனின் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனுக்கோ அப்போது ஆங்கிலம் எழுத வராது. கடிதத்தின் கடைசிப் பகுதியில் அவளே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். என் தோழி ஒருத்திக்கும் உன் தோழிகளில் யாராவது எழுதட்டும், அவளுக்கும் ஆங்கிலம் எழுத வராது, அவள் அப்பாவோ அம்மாவோ மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள் என்கிறாள். இரு சகோதரிகளும் டச்சு மொழியில் எழுத, அப்பா ஓட்டோ ஃபிராங்க் ஆங்கிலமாக்க, பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தில் படியெடுத்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. ஓட்டோ இளமையில் நியூயார்க் போய் மேசீஸ் என்ற பெரிய கடையில் வேலை பழகியவர். ஆங்கிலம் தெரிந்தவர்தான், ஆனாலும் கடிதத்தின் ஆங்கிலத்தில் ஐரோப்பிய வாடை அடிக்கிறது. அவர் அதைப் பெரியவர்களின் மொழியாக மாற்றாமல் விட்டது நல்லதாயிற்று. அந்தத் தோழியும் பெண்ணுக்குத்தான் எழுதுவாளாம், பையனுக்கு எழுத மாட்டாளாம். அந்த நிபந்தனையைக்கூட அப்பா நீக்கவில்லை.

கையெழுத்திடும்போது வீட்டில் கூப்பிடும் ஆன் என்ற பெயரை விட்டுவிட்டு ஆனலீஸ் மரீ ஃபிராங்க் என்று முழுப் பெயரையும் எழுதுகிறாள். உன் டச்சுத் தோழி என்றும் சொல்லிக்கொள்கிறாள். உண்மையில் அவள் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூதர்களான அந்தக் குடும்பம் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாலு வயது. சட்டப்படி அவள் இன்னும் ஜெர்மன் குடிமகள். யூதர் என்பதையோ, தப்பி வந்த கதையையோ அவள் கடிதத்தில் சொல்லவில்லை. போரைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது.

மார்கோட்டின் கடிதத்தில் போர் இருக்கிறது. அது இரண்டு நாள் முன்னதாக, ஏப்ரல் 27 அன்று எழுதியது. அவளுக்கு வயது பதினாலு. அடிக்கடி வானொலி கேட்கிறோம், ஜெர்மனியோடு எல்லை வைத்திருக்கும் சின்ன நாடு எங்களுடையது, பாதுகாப்பாக இருப்பதாக எங்களுக்குத் தோன்றுவதே இல்லை என்று எழுதுகிறாள். சுவிட்சர்லாந்தில் இருக்கும் உறவினர்களைப் பார்க்கப் போக முடியாததையும் சொல்கிறாள். மொழிபெயர்த்த அப்பா ஒருவரே. அக்காவின் கவலையையும் தங்கையின் அஞ்சலட்டையையும் அவரவர் சொன்னபடியே போகவிட்டிருக்கிறார். பிள்ளையின் கடிதத்துக்கு உதவும் பெற்றோர் இவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

மார்கோட்டின் பயம் பலித்தது. ஆன் எழுதிய பதினோராம் நாள், 1940 மே 10 அன்று, ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. வாக்னர் சகோதரிகள் பதில் போட்டார்கள். திரும்ப எதுவும் வரவில்லை. அந்தக் குடும்பம் யூதக் குடும்பம் என்பதே டான்விலில் யாருக்கும் தெரியாது. போர் முடிந்ததும் பெட்டி அதே பழைய முகவரிக்கு மீண்டும் எழுதினாள். இந்த முறை பதில் வந்தது, ஓட்டோ ஃபிராங்கிடமிருந்து. ஒளிந்து வாழ்ந்த காலத்தையும், ஆன் வதைமுகாமில் இறந்ததையும் அவர் எழுதியிருந்தார். மனைவி, மகள்கள் எல்லோரும் போய் அவர் ஒருவரே மிஞ்சியிருந்தார். நாட்குறிப்பு டச்சு மொழியில் நூலாக வந்தது 1947-இல்தான். அதற்கு முன்பே பேனா நட்பின் வழியாக அந்தச் செய்தி அமெரிக்காவின் உள்ளூர் ஒன்றுக்குப் போய்விட்டது.

அந்த நாட்குறிப்பும் கடித வடிவில்தான் இருக்கிறது. கிட்டி என்ற கற்பனைத் தோழிக்கு ‘அன்புள்ள கிட்டி’ என்று விளித்து எழுதினாள். டச்சுச் சிறுமிகள் விரும்பிப் படித்த யோப் தெர் ஹூல் கதைத் தொடரில் வரும் பாத்திரத்தின் பெயர் கிட்டி. அயோவா கடிதம்தான் அதற்கு விதை என்று சிலர் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றைச் சொல்ல எதிரே ஒரு முகம் வேண்டும் என்ற பழக்கம் அவளிடம் பத்து வயதிலேயே இருந்தது, அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

சகோதரிகள் இருவரும் ஆனின், மார்கோட்டின் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1988-இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அஞ்சலட்டையும் சிறு புகைப்படங்களும் சேர்த்து அவை 1,65,000 டாலருக்குப் போயின. வாங்கியவர் பெயரைச் சொல்லாமல் சைமன் வீசென்தால் மையத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். ஓட்டோ எழுதிய கடிதம் தொலைந்துபோயிற்று. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த ஜுவானிதாவின் முதல் கடிதமும் கிடைக்கவில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வெளிநாட்டுக்கு எழுதுவதானால், வேறொரு நாட்டுப் பள்ளியோடு பேசி உண்மையான ஒரு பெயரை வாங்கிக் கொடுங்கள். காலம் மாறிவிட்டதால் வீட்டு முகவரியும் பிள்ளையின் படமும் வேண்டாம், பள்ளி முகவரியே போதும். அந்த ஊரை முதலில் வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள், தேடியதை எழுதவும் சொல்லுங்கள். நாட்டின் பெருமை அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கட்டும். உறையை ஒட்டும் முன் கடிதத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.