பெட்ரோல் பில் சொல்லாத பாதிக் கணக்கு

ஸ்கூட்டர் ஓட்ட எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பெட்ரோல் கணக்கைத்தான் சொல்வார்கள். மைலேஜ் 45, லிட்டர் 101 ரூபாய், ஆகவே கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய். வண்டிக்கு டியூ கட்டிக்கொண்டிருப்பவர் அதையும் சேர்த்து ஆறு ரூபாய்க்கு மேல் என்பார். இரண்டுமே உண்மைச் செலவு அல்ல.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருபவர் 110 சிசி ஸ்கூட்டர் வாங்குகிறார். ஆன்ரோடு விலை 1,00,000 ரூபாய். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டி, ஐந்து ஆண்டில் விற்றுவிடுகிறார். மொத்த ஓட்டம் 40,000 கிலோமீட்டர்.

முதலில் பெட்ரோல். ஒரு தடவை டேங்கை நிரப்பி மைலேஜ் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஸ்கூட்டர் டேங்க் ஐந்து லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். நிரப்பும்போது அரை லிட்டர் கூடக்குறைய ஆனாலே விடை பத்து சதவீதத்துக்கு மேல் பிசகும். அதனால் ஒருநாள் டேங்கை முழுக்க நிரப்பி, மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று போட்ட பெட்ரோல் கணக்கில் வராது. அதன்பின் 200 ரூபாய்க்கோ 300 ரூபாய்க்கோ எப்படிப் போட்டாலும் சரி, ஒவ்வொரு பில்லிலும் உள்ள லிட்டரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் அதே பங்கில் மறுபடி முழுக்க நிரப்ப வேண்டும். நம் ஆளுக்கு மீட்டர் 12,340-லிருந்து 13,051 ஆனது. ஓடியது 711 கிலோமீட்டர். பில்களின் கூட்டல் 15.8 லிட்டர். மைலேஜ் சரியாக 45, கிலோமீட்டருக்கு 2.24 ரூபாய். பங்கில் தரும் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே மீட்டரோடு சேர்த்துப் படம் எடுத்துவைப்பது நல்லது.

அடுத்து டியூ. கணக்கு பெரிதும் குழம்புவது இங்கேதான். அவர் 25,000 ரூபாய் முன்பணம் கட்டி, 75,000 ரூபாயை மூன்று ஆண்டுக் கடனாக வாங்குகிறார். பத்து சதவீத பிளாட் வட்டி என்றால் வட்டி மட்டும் 22,500 ரூபாய். மாத டியூ சுமார் 2,708 ரூபாய். (அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் இது ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். கடன் தருபவர்கள் பத்து என்ற எண்ணைத்தான் முன்னால் வைப்பார்கள்.) இந்த டியூவை மாத ஓட்டத்தால் வகுத்து, பெட்ரோல், சர்வீஸ், காப்பீட்டுச் செலவோடு சேர்த்தால், முதல் மூன்று ஆண்டு கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் வரும், கடன் முடிந்த மறுமாதமே மூன்று ரூபாயாக விழும். அதே வண்டி, அதே சாலை, அப்படி விழ வழியில்லை. முன்பணம் கணக்கில் வரவேயில்லை என்பது இன்னொரு பிழை.

டியூவில் இருக்கும் அசல், வண்டியின் விலை. அந்த விலை முழுவதும் செலவல்ல. விற்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும். ஐந்தாம் ஆண்டில் 40,000 ரூபாய்க்கு விலைபோனால், தேய்ந்தது 60,000. கிலோமீட்டருக்கு 1.50 ரூபாய். வட்டியும் கடன் எடுக்கும்போது பிடித்த 1,500 ரூபாய் கட்டணமும் சேர்ந்து 24,000. அது 60 பைசா.

காப்பீட்டை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை முதலிலேயே எடுக்க வேண்டும். அது ஆன்ரோடு விலைக்குள் வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டிலிருந்து சொந்தச் சேதத்துக்குக் கட்டும் பிரீமியத்தை மட்டும் சேர்த்தால் போதும். ஆண்டுக்கு 1,200 வீதம் நான்கு ஆண்டு, 12 பைசா.

சர்வீஸில் ஆயில் மாற்றுவதை எல்லோரும் எண்ணுவார்கள். டயர், பேட்டரி, பெல்ட் ஆகியவை சில ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் விட்டுப்போகும். எல்லாம் சேர்த்து ஐந்து ஆண்டுக்கு 24,000 என்று வைத்தால் 60 பைசா.

கூட்டினால் 5.06 ரூபாய். பெட்ரோல் அதில் பாதிகூட இல்லை.

ஓட்டம் குறைந்தால் இது ஏறும். அதே வண்டியை ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், விற்பனை விலை 45,000 கிடைத்து, சர்வீஸ் 16,000-ஆகக் குறைந்தாலும், ஏழு ரூபாயைத் தாண்டிவிடும். வட்டியும் பிரீமியமும் ஓட்டத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

எந்த எண்ணை எங்கே பயன்படுத்துவது என்பதும் முக்கியம். வீட்டில் நிற்கும் வண்டியில் போவதா, பஸ்ஸில் போவதா என்று ஒருநாள் யோசித்தால், பெட்ரோலும் சர்வீஸும் சேர்ந்த 2.84 ரூபாயை வைத்துப் பார்ப்பதே சரி. மற்ற செலவு வண்டி நின்றாலும் ஆகும். வண்டி வாங்கலாமா, அலுவலக வேலைக்குச் சொந்த வண்டியைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு முழு ஐந்து ரூபாயும் வேண்டும். நிறுவனம் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் அலவன்ஸ் தந்தால் பெட்ரோலுக்கும் சர்வீஸுக்கும் சரியாகப் போகும். வண்டியின் தேய்மானத்தையும் கடன் வட்டியையும் ஊழியர் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்.