அருகே கல், தொலைவில் அடிவானம்

வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே கடற்கரை. எரிமலைக் குழம்பு இறுகி உருவான அறுகோணக் கற்கள் காலடியிலிருந்து கடல்வரை நீள்கின்றன. கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் கல்லும் வேண்டும், அடிவானமும் வேண்டும். ஃபோகஸை எங்கே வைப்பது?

அடிவானத்தில் வைத்தால் முன்கல் மங்கும். கல்லிலேயே வைத்தால் இரண்டேகால் மீட்டருக்கு அப்பால் தெளிவு போய்விடும். விடை இடையில் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், f/11 என்றால் அந்த இடம் சுமார் 1.8 மீட்டர். இதுவே ஹைப்பர்ஃபோகல் தூரம். அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதியான 90 செ.மீ. தொடங்கி அடிவானம்வரை தெளிவாக விழும்.

முக்காலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, 1.8 மீட்டரிலுள்ள கல்லில் ஃபோகஸ் செய்ய வேண்டும். எடுத்ததும் திரையில் பெரிதாக்கி அடிவானத்தைப் பார்ப்பது அவசியம். ஃபோகஸ் சற்று முன்னே விழுந்தாலும் முதலில் கெடுவது அதுதான். ஆகவே இரண்டு மீட்டரில் வைப்பதே பத்திரம். முன்கல் அப்போதும் தப்பிவிடும்.

இந்தக் கணக்கு சிறிய பிரிண்டுக்கானது. சுவரளவு பெரிதாக்கினால் ஓரங்களின் மென்மை தெரியும். அதற்காக f/22-க்குப் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் முழுப் படமுமே மழுங்கும்.