சூடும் வேண்டும், சொட்டவும் கூடாது

பழைய அடுக்கு கேரியரில் ஒரு தட்டின் அடி அடுத்த தட்டின் வாயில் உட்காரும். பக்கக் கம்பியும் கொக்கியும் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். உலோகத்தின் மேல் உலோகம், நடுவில் வேறொன்றும் இல்லை. கையில் நேராகத் தூக்கிப் போகும்வரை சொட்டாது. பைக் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் ரசம் வழியைக் கண்டுபிடித்துவிடும்.

இப்போது கடைகளில் 'லீக் ப்ரூஃப்' என்று விற்கும் கேரியர்களில் அந்த இடைவெளியை அடைப்பது மூடிக்குள் இருக்கும் சிலிகான் வளையம். வாஷர் என்றுதான் கடைக்காரர் சொல்வார். வாங்கும்போது எல்லாப் பெட்டிக்கும் வாஷர் உண்டா என்று பாருங்கள். பல கேரியர்களில் குழம்புப் பெட்டிக்கு மட்டும்தான் இருக்கும்.

வாஷர் இருந்தும் ஏன் வழிகிறது? கொதிக்கும் சாம்பாரை ஊற்றி உடனே மூடினால், உள்ளே அகப்பட்ட காற்று சூடேறி விரியும். நீராவியும் சேர்ந்து மூடியைத் தள்ளும். வாஷரில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால்கூடப் போதும், அந்த இடம் பிதுங்கிவிடும். மதியம் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆவி குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறைவதால் மூடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும், திறக்கவே வராது. மூடியின் நடுவில் இருக்கும் சின்ன ரப்பர் அடைப்பு இதற்காகத்தான். முதலில் அதைத் தூக்கிவிட்டால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், மூடி தானாக நெகிழும்.

ஆகவே வாயிலிருந்து ஒரு விரல் அளவு இடம் விட்டு ஊற்றி, ஓரிரு நிமிடம் ஆவி போகவிட்டு மூடுவது நல்லது. அந்தக் காத்திருப்பில் கொஞ்சம் சூடு போகத்தான் செய்யும். ஒழுகாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. போகும் சூட்டை வேறு வழியில் ஈடுகட்டலாம்: உணவு போடுவதற்கு முன் வெளிக்கூட்டில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துப் பிறகு கொட்டுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த எவர்சில்வரைச் சூடாக்குவதிலேயே சாம்பாரின் சூடு கொஞ்சம் வீணாகும்.

ஒற்றைச் சுவர் கேரியர் சூட்டைத் தாங்காது. இரட்டைச் சுவருக்கிடையே நுரை அடைத்தவை ஓரளவு தாங்கும். சுவர்களுக்கிடையே காற்றே இல்லாத வெற்றிடம் கொண்ட பிளாஸ்க் வகைதான் நெடுநேரம் தாங்குவது. ஆனால் அந்த வெற்றிடம் பக்கங்களிலும் அடியிலும்தான். சூடு தப்பிப்போவது பெரும்பாலும் மேல் மூடி வழியே.

காலை ஏழரைக்குக் கட்டி மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடும் ஒருவருக்கு, ஒரே அளவில் மூன்று பெட்டிகள் கொண்ட பிளாஸ்க் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். சாம்பார் அடியில் போகட்டும்: அங்கேதான் சூடு நிற்கும், கசிந்தாலும் வேறெதன்மேலும் வழியாது. நடுவில் சாதம். மூடிக்கு அருகே பொரியல். ஆறினாலும் அதைச் சாப்பிட்டுவிடலாம். தயிரை இதற்குள் வைக்கவே கூடாது, அந்தச் சூட்டில் ஒரு மணிக்குள் புளித்துவிடும். தனி டப்பா போதும். பெட்டிகளை அரைகுறையாக நிரப்பினாலும் சீக்கிரம் ஆறும், ஏனென்றால் கொஞ்சம் உணவில் கொஞ்சம் சூடுதான் இருக்கும்.

உணவு 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரம் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வெந்த சூட்டோடு கட்ட முடியாத நாளில் இந்தக் கேரியரைவிடச் சாதாரண டப்பாவும் அலுவலக மைக்ரோவேவும் மேல். டப்பா எவர்சில்வர் என்றால் தட்டில் மாற்றித்தான் சூடாக்க வேண்டும்.

கொள்ளளவில் ஒரு கணக்கு. ஓர் ஆழாக்கு அரிசி வடித்தால் ஏறக்குறைய அரை லிட்டர் சாதம் வரும். அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் பெரும்பாலும் விளிம்புவரை நிரப்பிச் சொல்வது. நாம் விடும் ஒரு விரலைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

எவர்சில்வரில் 304 என்ற ரகம் புளிக்கும் உப்புக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். 202 விலை குறைவு, நிக்கலும் குறைவு, நாளடைவில் துரு எட்டிப்பார்க்கலாம். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் கடையையும் நம்பத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு சோதனை. பெட்டியில் சூடான நீர் ஊற்றி, சற்றுப் பொறுத்து மூடி, செய்தித்தாளின் மேல் கவிழ்த்து வையுங்கள். பச்சைத் தண்ணீரில் தேறும் மூடி சுடுநீரில் கைவிடக்கூடும். அடுத்து, வெளிக்கூட்டில் கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் வெற்றிடம் போய்விட்டது. கீழே விழுந்து நசுங்கிய கேரியருக்கும் இதே சோதனை. அது போனால் போனதுதான், ரிப்பேர் கிடையாது.

வாஷரைக் கழற்றிக் கழுவாவிட்டால் அதன் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து வாடை வரும், பிடியும் தளரும். கழுவிக் காய்ந்தபின் முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் சரியாக உட்கார வையுங்கள். வாஷர் தனியாகக் கிடைக்காத கேரியர் எவ்வளவு பளபளத்தாலும் வாங்காதீர்கள்.