அடுக்கைக் கூட்டலாமா?

2³ × 5² என்பதை 10⁵ என்று எழுதினால் என்ன தவறு?

விரித்து எழுதிப் பாருங்கள்: 2×2×2×5×5. விடை 200. ஆனால் 10⁵ என்பது ஒரு லட்சம். அடுக்கு என்பது ஒரே எண் எத்தனை முறை பெருக்கப்படுகிறது என்ற கணக்கு. இங்கே மூன்று இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும் இருக்கின்றன. ஐந்து பத்துகள் எங்கும் இல்லை. இரண்டையும் ஐந்தையும் ஜோடி சேர்த்தால் இரண்டு பத்துகள்தான் கிடைக்கும், ஓர் இரண்டு மிஞ்சும்: 10² × 2.

அப்படியானால் அடிமானங்களைப் பெருக்கவே கூடாதா?

அடுக்குகள் சமமானால் பெருக்கலாம். 2³ × 5³ = 10³. அப்போதும் அடுக்கைக் கூட்டக் கூடாது.

2³ × 2⁴ = 4⁷ சரியா?

இல்லை. அடிமானம் ஒன்றானால் அது மாறாது. அடுக்குகள் மட்டுமே கூடும். விடை 2⁷, அதாவது 128. சந்தேகம் வந்தால் விதியைத் தேடாதீர்கள், விரித்து எழுதி எண்ணுங்கள்.