வேலையிடத்துக் கடிதங்கள் - 9: எண்பது நிமிடமும் ஐம்பதாயிரமும்

சென்ற வாரம் சம்பள உயர்வுக் கடிதம் பார்த்தோம். இந்த வாரக் கடிதம் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாகப் பிரஸ் ஷாப்பில் இருக்கும் சீனியர் இன்ஜினியருடையது. தன் வேலைக்கு ஒரு படி மேலான பொறுப்பும், அதற்கான பயிற்சிச் செலவும் வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதியிருந்தார். எனக்குக் காட்டிய முதல் வரைவில் "வளர விரும்புகிறேன்" என்பது மூன்று இடத்தில் வந்தது. எந்த வேலை வேண்டும் என்பது ஓரிடத்திலும் இல்லை.

"உங்களை எரிச்சல்படுத்துகிற மிஷின் எது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 200 டன் பிரஸ். டை மாற்ற எண்பது நிமிடம் ஆகிறது, அதுவும் நாளுக்கு இரண்டு முறை என்றார். மிஷினை நிறுத்திய பிறகுதான் போல்ட்டைத் தேடுகிறார்கள், அடுத்த டையை எடுக்க ஆள் போகிறது. இவற்றை மிஷின் ஓடும்போதே முடித்து வைக்கலாம். டை மாற்றும் நேரத்தைக் குறைக்க ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ சொன்ன முறையின் அடிப்படையே இதுதான். கடிதத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

ஆங்கிலத்தில் அவர் அனுப்பியதன் நடுப்பகுதி, தமிழில்:

"சார், டை மாற்றும் நேரத்தை 80 நிமிடத்திலிருந்து 50-க்குக் குறைக்கும் பொறுப்பை 12 வாரத்துக்கு எனக்குத் தாருங்கள். நடந்தால் மாதம் 25 வேலைநாளில் 25 மணிநேரம் மிஞ்சும். வாரம் நான்கு மணிநேரம் இதற்குப் போகும். அப்போது காலை ரிப்போர்ட்டை என் ஜூனியர் தயார் செய்வார், நான் சரிபார்ப்பேன். மெயின்டனன்ஸிலிருந்து ஒருவர் வாரம் இரண்டு மணிநேரம் வேண்டும்; அவர்களிடம் நீங்கள் சொன்னால்தான் நடக்கும். ஆறாவது வாரம் 70 நிமிடத்துக்குக் கீழே வராவிட்டால் நிறுத்திவிடலாம்.

இதற்கான மூன்று நாள் பயிற்சிக்குக் கட்டணம் ரூ.36,000, ஜிஎஸ்டி ரூ.6,480, பயணமும் தங்குவதும் ரூ.9,000. மொத்தம் ரூ.51,480. நான்காவது வாரம் போகிறேன்."

அந்த "நான்காவது வாரம்" எனக்கு மிகவும் பிடித்தது. முதல் மூன்று வாரம் டை மாற்றுவதை வீடியோ எடுத்து, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்வார். பிறகு தன் மிஷினின் கேள்விகளோடு வகுப்பில் உட்காருவார். பயிற்சியை முதலில் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு, வேலை வரும்போது கையில் சான்றிதழ் மட்டும் இருக்கும்.

மெயின்டனன்ஸ் பற்றிய வரியை "அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியுமோ?" என்று எடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. அடுத்த துறை ஆளைக் கூப்பிட அவருக்கு அதிகாரமில்லை. அதை எழுதாமல் பொறுப்பை வாங்கினால், தோல்வி மட்டும் அவர் கணக்கில் ஏறும்.

ஜனவரி கடைசியில், ஏப்ரல் பட்ஜெட் முடிவாகும் முன்பே கடிதம் போனது. பொறுப்பும் முழுத் தொகையும் கிடைத்தன. மெயின்டனன்ஸ் ஆள் மட்டும் வாரம் ஒரு மணிநேரம்தான்.


(தொடரும்)