எண்பது சதவீதம், ஆனால் எதில்?

பிரிட்டனில் ஒரு பற்பசை விளம்பரம் வந்தது. '80 சதவீதத்துக்கும் அதிகமான பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள்' என்றது. படிப்பவர் என்ன நினைப்பார்? பத்து மருத்துவர்களில் எட்டுப் பேர் மற்ற பேஸ்ட்டுகளை ஒதுக்கிவிட்டு இதைச் சொல்கிறார்கள் என்றுதான். ஆனால், அந்நாட்டின் விளம்பரத் தர ஆணையம் 2007 ஜனவரியில் இதை மக்களைத் தவறாக எண்ணவைக்கும் விளம்பரம் என்று தீர்ப்பளித்தது.

சதவீதத்தை யாரும் இட்டுக்கட்டவில்லை. சிக்கல், கேள்வி கேட்ட முறையில் இருந்தது. தொலைபேசியில் பேசிய மருத்துவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளைச் சொல்லலாம். பத்துப் பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் 'அ' பேஸ்ட்டைச் சொல்கிறார்கள். எட்டுப் பேர் 'ஆ' பேஸ்ட்டையும் சொல்கிறார்கள். ஏழு பேர் 'இ'யையும் சேர்க்கிறார்கள். இப்போது 'அ' கம்பெனி 80 சதவீதம் என்று சொல்லலாம், 'ஆ' கம்பெனியும் அதே 80-ஐச் சொல்லலாம். மூன்றையும் கூட்டினால் 230 சதவீதம் வரும். அசல் ஆய்விலும் போட்டிக் கம்பெனியின் பேஸ்ட் ஒன்று ஏறக்குறைய அதே அளவு பரிந்துரையைப் பெற்றிருந்தது. விளம்பரத்தில் அது இல்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 'உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்ற சென்சோடைன் விளம்பரத்துக்கு ஆதாரம் கேட்டது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். கம்பெனி கொடுத்த கருத்துக்கணிப்புகளோ இந்திய மருத்துவர்களிடம் மட்டும் எடுத்தவை. 2022-ல் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி, பத்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். சரியான தீர்ப்பு. யாரைக் கேட்டோமோ அவர்களைப் பற்றித்தான் பேச முடியும்.

'90 சதவீதம் பேருக்குத் திருப்தி' என்பதிலும் இதே ஓட்டை இருக்கலாம். ஒரு முகக்கிரீமை 200 பேர் வாங்குகிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கருத்துக் கேட்டால் 30 பேர்தான் பதில் தருகிறார்கள்; அதில் 27 பேருக்குத் திருப்தி. 90 சதவீதம் என்று போட்டுவிடலாம். அரிப்பு வந்து பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் பதில் எழுத மாட்டார்கள், கணக்கில் வரவும் மாட்டார்கள். வாங்கிய 200 பேரை வைத்துப் பார்த்தால், திருப்தி என்று நமக்குத் தெரிந்தது 13.5 சதவீதம் பேருக்குத்தான். மிச்சமுள்ள 170 பேரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தவிர, 30 பேரில் மூன்று பேர் மனம் மாறினாலே 90 என்பது 80 ஆகிவிடும்.

ஆகவே விளம்பரத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைத் தேடுங்கள். எத்தனை பேர், யார், என்ன கேள்வி என்று பாருங்கள். 2022-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் அந்தக் குறிப்பும் இருக்க வேண்டும். தமிழில் பெருமை பேசிவிட்டு ஆங்கிலத்தில் ஒளித்து வைத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.